யாருக்குப் போட்ட பூட்டு?

பாக்தாதில் டைகிரிஸ் ஆற்றை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர் முத்தனப்பியின் பெயர் அதற்கு. தெரு நெடுகப் புத்தகக் கடைகள். வெள்ளிக்கிழமைகளில் தரையிலும் புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள். 1990களின் நடுவில் அந்த வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்த சரக்கு வேறு மாதிரியாக இருந்தது. பேராசிரியர்களும் பொறியாளர்களும் வீட்டில் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்குமுன் பலர் நகையை விற்றிருந்தார்கள், பிறகு மேசை நாற்காலியை. ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் ஐந்து டாலருக்கும் கீழே போயிருந்த காலம் அது.

அந்த நகரை எந்தப் படையும் அப்போது முற்றுகையிட்டிருக்கவில்லை. நியூயார்க்கில் நிறைவேறிய ஒரு தீர்மானம் போதுமானதாக இருந்தது.

ஒரு நாட்டின் அரசைத் திருத்த அதன் வியாபாரத்தை நிறுத்துவது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. ரஷ்யா, ஈரான், வடகொரியா, வெனிசுவேலா என்று பட்டியல் நீள்கிறது. போரைவிட இது மேல் என்பார் ஒரு பக்கம். ஏழைகளைத்தான் அடிக்கிறது என்பார் மறுபக்கம். இரண்டில் எது உண்மை என்று பார்க்க ஈராக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அங்கே தடை அரைகுறையாக இல்லை. ஏறத்தாழ உலகமே சேர்ந்து போட்டது. 13 ஆண்டுகள் நீடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2003இல் சதாம் உசேனின் ஆட்சி விழுந்ததால் அரசின் உள் ரகசியங்களும் பின்னால் வெளியே வந்தன. தடை உள்ளே என்ன செய்தது என்று மற்ற நாடுகளில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஈராக்கில் கைதான அமைச்சர்களையும் கிடைத்த கோப்புகளையும் வைத்தே பார்க்க முடிந்தது.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. நான்கே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஈராக்கிலிருந்து யாரும் எதையும் வாங்கக் கூடாது, ஈராக்குக்கு யாரும் எதையும் விற்கக் கூடாது. மருந்துக்கு விலக்கு உண்டு. உணவுக்கு, மனிதாபிமான நெருக்கடி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டால் மட்டும். அன்றைய ஈராக்கின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெய். அந்தப் பணத்தில்தான் நாடு தன் உணவில் ஏறக்குறைய 70 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கியது. ஆகவே உணவுக்கு விலக்கு இருந்ததா இல்லையா என்பது பாதிக் கேள்விதான். வாங்கக் காசு வரும் வழி அடைபட்டுவிட்டது.

இந்தப் பூட்டு சதாமைக் குவைத்திலிருந்து கிளப்பவில்லை. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு 1991 ஜனவரியில் குண்டு விழுந்தது. ஆறு வாரத்தில் மின் நிலையங்கள், பாலங்கள், தொலைபேசி இணைப்பகங்கள் தகர்ந்தன. குடிநீரைச் சுத்திகரிப்பதும் சாக்கடையை இறைப்பதும் மின்சாரத்தை நம்பியவை. மின்சாரம் போனதும் அவையும் நின்றன. பாக்தாதின் கழிவுநீர் நேராக டைகிரிஸில் கலந்தது. அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் ஊர்கள் குடித்தன.

போர் முடிந்தது. குவைத் மீண்டது. தடைக்குக் காரணமே தீர்ந்துவிட்டதே, அப்புறம் ஏன் அது தொடர்ந்தது? இங்கேதான் கதை திரும்புகிறது.

1991 ஏப்ரல் 3ஆம் தேதி வந்த 687ஆம் தீர்மானம் அதே தடைக்குப் புதிய வேலையைக் கொடுத்தது. ஈராக் தன் அணு, ரசாயன, உயிரியல் ஆயுதங்களையும் நீண்டதூர ஏவுகணைகளையும் ஒழிக்க வேண்டும், ஐ.நா. ஆய்வாளர்கள் பார்த்து உறுதி செய்ய வேண்டும். செய்தால் எண்ணெய் விற்பனைக்கான தடை நீங்கும் என்று அதன் 22ஆவது பத்தி சொன்னது. இது ஒரு பேரம். இன்னது செய், இன்னது கிடைக்கும். தடை ஓர் அரசின் போக்கை மாற்ற வேண்டுமானால் இப்படியொரு பேரம் அதற்குள் இருந்தே ஆக வேண்டும்.

அந்தப் பேரம் மை காயுமுன்பே கலைந்தது. அடுத்த மாதமே அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், சதாம் பதவியில் இருக்கும்வரை தடையைத் தளர்த்துவதை விரும்பவில்லை என்று அறிவித்தார். 1997 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், ஆயுதங்களை ஒழித்தால் தடை நீங்க வேண்டும் என்ற கருத்தை ஏற்கவில்லை என்று ஒரு பல்கலைக்கழக உரையில் வெளிப்படையாகச் சொன்னார். பாதுகாப்பு அவையில் தடையை நீக்கப் புதிய முடிவு வேண்டும். அமெரிக்காவிடம் அதைத் தடுக்கும் வீட்டோ இருந்தது. ஆக, காகிதத்தில் எழுதியிருந்த நிபந்தனை ஆயுதம், உண்மையான நிபந்தனை சதாமின் நாற்காலி. ஆயுதத்தை விட்டுக்கொடுக்க ஓர் ஆட்சியாளர் சம்மதிக்கலாம். தன் தலையை விட்டுக்கொடுக்க எந்தச் சர்வாதிகாரி சம்மதிப்பான்?

வியப்பு என்னவென்றால், அப்படியும் ஆயுத விஷயத்தில் தடை பலித்திருந்தது. 2003 போருக்குப் பின் சார்லஸ் டூல்ஃபர் தலைமையில் அமெரிக்கா அனுப்பிய தேடுதல் குழு, ஈராக் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடியது. 2004இல் வெளியான அதன் அறிக்கை, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதக் கையிருப்பு இல்லை, அணுத் திட்டம் 1991லேயே நின்றுவிட்டது என்றது. தடையிலிருந்து விடுபடுவதே சதாமின் தலையாய நோக்கமாக இருந்தது என்றும் சொன்னது. 1993இல் நீண்டகாலக் கண்காணிப்புக்கு ஈராக் தலையாட்டியதும், 1994 நவம்பரில் குவைத்தின் எல்லையை முறைப்படி ஏற்றதும் அந்த நெருக்கடியில்தான்.

ஆனால் 1991இல் ரகசியமாக ஆயுதங்களை அழித்தவர்கள், எதை, எங்கே, எவ்வளவு அழித்தோம் என்பதற்குச் சரியான கணக்குக் காட்டவில்லை. உயிரியல் ஆயுதத் திட்டத்தை ஆண்டுக்கணக்கில் மறைக்கவும் செய்தார்கள். 1995 ஆகஸ்டில் சதாமின் மருமகன் உசேன் கமால் ஜோர்டானுக்குத் தப்பி ஓடியபின், ஒரு கோழிப் பண்ணையில் பதுக்கிவைத்த பெட்டிக் கணக்கான ஆவணங்களை ஈராக் அரசே எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. இதன்பின் ஈராக்கின் வார்த்தையை யார் நம்புவார்கள்? ஒரு பக்கம் பொய், மறுபக்கம் எந்த உண்மையைச் சொன்னாலும் திறக்காத பூட்டு. 1998 இறுதியில் ஒத்துழைப்பு நின்றது, ஆய்வாளர்கள் வெளியேறினார்கள், அமெரிக்காவும் பிரிட்டனும் நான்கு நாள் குண்டு வீசின. இருதரப்பும் பேச ஒன்றுமில்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

அதன் கீழே சுமார் இரண்டு கோடி மக்கள்.

அவர்கள் கொத்துக் கொத்தாகச் சாகாமல் காத்தது, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள்: ரேஷன் அட்டை. தடை வந்த மறுமாதமே, 1990 செப்டம்பரில், ஈராக் அரசு பங்கீட்டைத் தொடங்கியது. கோதுமை மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய், குழந்தைகளுக்குப் பால் பவுடர் ஆகியவை தெருமுனை மளிகைக் கடைகளின் வழியே, பணக்காரர் ஏழை என்ற பேதமின்றி எல்லோருக்கும், பேருக்கு ஒரு விலையில் கிடைத்தன. 1991இல் ஈராக் சென்ற ஆய்வுக் குழு ஒன்றில் பொருளியலாளர் ஜான் டிரேஸ் இருந்தார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். அவரும் ஹாரிஸ் கஸ்தாரும் சேர்ந்து எழுதிய ஆய்வு, இந்தப் பங்கீடு ஒழுங்காகவும் பாரபட்சமின்றியும் நடப்பதாகப் பாராட்டியது. ஆனால் அதில் கிடைத்தது ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,300 கலோரி. அரை வயிற்றுக்குச் சற்று மேலே. மீதியைச் சந்தையில் வாங்க வேண்டும்.

சந்தையில் என்ன நடந்தது என்பதுதான் அந்த ஆய்வின் அதிர்ச்சியான பகுதி. சாதாரணக் கூலித் தொழிலாளி ஒருவரின் சம்பாத்தியம், அது வாங்கித் தரும் உணவின் அளவில் பார்த்தால், ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்திருந்தது. எண்ணெய் வளத்தால் நடுத்தர வருமான நாடாக இருந்த ஈராக்கில், கூலியாளின் உண்மை வருமானம் இந்திய விவசாயக் கூலியின் வருமானத்தைவிடத் தாழ்ந்துவிட்டது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

பணத்தாளும் தன் பங்குக்குக் கெட்டது. ஈராக்கின் தினார் தாள்கள் அதுவரை பிரிட்டனில் அச்சாகி வந்தன. தடையால் அது நின்றது. அரசு உள்ளூரிலேயே மலிவான காகிதத்தில் சதாமின் படத்தைப் போட்டு அச்சடித்துத் தள்ளியது. போருக்கு முன் அரசு கணக்கில் ஒரு தினாருக்கு மூன்று டாலருக்கு மேல் மதிப்பு. 1995 முடிவில் ஒரு டாலர் வாங்க இரண்டாயிரம், மூன்றாயிரம் தினார் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதில் முதலில் நொறுங்கியது பரம ஏழைகூட அல்ல, மாதச் சம்பளக்காரர்தான். மருத்துவர், எழுத்தர், ஆசிரியை. பள்ளியை விட்டு டாக்ஸி ஓட்டப் போனார்கள். முடிந்தவர்கள் ஜோர்டானுக்குப் போனார்கள். ஓர் அரசைக் கேள்வி கேட்கக்கூடிய வர்க்கம் என்று ஏதாவது உண்டென்றால் அது இவர்கள்தான். கேள்வி கேட்க வேண்டியவர்களைத் தடை வரிசையில் நிற்க வைத்தது. அந்த வரிசையின் தலைப்பில் அரசு உட்கார்ந்திருந்தது: யாருக்கு அட்டை, யார் வீட்டில் எத்தனை பேர் என்ற முழுப் பதிவேடும் அதன் கையில். சோறு போடும் கையை எதிர்த்து எழுவது எளிதல்ல. சதாமை மக்களே தூக்கி எறிவார்கள் என்று காத்திருந்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

குறைந்த அளவு எண்ணெயை ஐ.நா. கண்காணிப்பில் விற்று உணவு வாங்கிக்கொள்ள 1991லேயே ஒரு வழி சொல்லப்பட்டது. இறையாண்மைக்கு இழுக்கு என்று சதாம் மறுத்தார். மக்கள் ஐந்து ஆண்டு பட்டினி கிடந்த பழியில் இந்த மறுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. 1996இல்தான் அவர் இறங்கிவந்தார். எண்ணெய்க்கு உணவு என்ற அந்தத் திட்டத்தின் முதல் உணவுக் கப்பல் 1997இல் வந்தது.

திட்டம் நடந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எண்ணெய் விற்ற பணம் பாக்தாதுக்கு வராது. நியூயார்க்கில் ஒரு வங்கியில் ஐ.நா.வின் கணக்கில் விழும். அதில் 30 சதவீதம் குவைத் போரில் நட்டமடைந்தவர்களுக்கான இழப்பீட்டு நிதிக்கு. 13 சதவீதம் வடக்கே குர்து மாகாணங்களுக்கு. ஐ.நா.வின் செலவுக்கும் ஒரு துண்டு. மத்திய, தெற்குப் பகுதியில் வாழும் பெரும்பான்மை ஈராக்கியருக்கு 53 சதவீதம். அதையும் ரொக்கமாகத் தொட முடியாது. ஈராக் ஒரு பொருளுக்கு ஒப்பந்தம் போடும். விற்பவர் தன் நாட்டின் தூதரகம் வழியாக ஐ.நா.வுக்கு அனுப்புவார், அது 661 குழுவின் மேசைக்குப் போகும். பாதுகாப்பு அவையின் 15 உறுப்பு நாடுகளும் உள்ள இந்தக் குழு மூடிய கதவுக்குள் கூடியது. பதினைந்தில் ஒரே ஒரு நாடு “நிறுத்திவை” என்றால் போதும், அந்த ஒப்பந்தம் நின்றுவிடும். அப்படிச் சொன்னது பெரும்பாலும் அமெரிக்கா, சில வேளை பிரிட்டன்.

காரணம், ராணுவத்துக்கும் பயன்படலாம் என்ற சந்தேகம். சந்தேகப்பட ஆரம்பித்தால் எதற்குத்தான் இரட்டைப் பயன் இல்லை? தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரினில் விஷவாயு செய்யலாம். இந்தக் குழுவின் ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜாய் கோர்டன் 2001இல் நடந்த ஒன்றைப் பதிவு செய்கிறார். ஈராக் கேட்ட தண்ணீர் லாரிகளை அமெரிக்கா நிறுத்திவைத்தது; ரசாயன ஆயுதம் ஏற்றப் பயன்படலாமாம். ஆயுத ஆய்வுக்கான ஐ.நா. நிபுணர்களுக்கே அந்த லாரிகளில் ஆட்சேபம் இல்லை. 2002 வாக்கில் இப்படி முடங்கிய ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலரைத் தாண்டியது. முடங்கியதன் பாதிப்பு கணக்கில் தெரிவதைவிடக் கூடுதல். பம்பு வந்திருக்கும், அதை ஓட்டும் மோட்டார் நின்றிருக்கும். இரண்டும் வந்திருந்தாலும் பொருத்துகிறவருக்குக் கூலி கொடுக்கத் திட்டத்தில் ரொக்கம் கிடையாது. உள்ளூர் உழவரிடம் கோதுமை வாங்கவும் முடியாது. வெளிநாட்டு மாவு ரேஷனில் ஏறத்தாழ இலவசமாக வந்தபோது, பயிரிட்டவர் யாரிடம் போய் விற்பார்?

திட்டத்தை மேற்பார்வையிட்ட ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்பானெக்கும் 2000இல் விலகினார். மக்களைத் தண்டிக்கும் ஏற்பாட்டை நடத்தித்தர மனம் ஒப்பவில்லை என்பதே இருவரின் காரணமும்.

மறுபக்கம் சதாமுக்கு என்ன குறைந்தது? அரண்மனைகள் கட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. ஜோர்டானுக்கும் துருக்கிக்கும் லாரிகளிலும், பின்னர் சிரியாவுக்குக் குழாயிலும் திட்டத்துக்கு வெளியே எண்ணெய் போனது. நட்பு நாடுகள் என்பதால் வாஷிங்டன் இதில் பெரும்பகுதியைக் கண்டும் காணாமல் இருந்தது. திட்டத்துக்கு உள்ளேயும் கமிஷன். 2005இல் பால் வோல்க்கரின் விசாரணைக் குழு, 2,200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கொடுத்த கள்ளப்பணம் சுமார் 180 கோடி டாலர் என்றது. டூல்ஃபர் கணக்குப்படி கடத்தலும் கமிஷனும் சேர்த்து ஆட்சிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,100 கோடி டாலர். பற்றாக்குறை உள்ள ஊரில் கடத்தல்காரன்தான் ராஜா. ஈராக்கில் ராஜாவே கடத்தல்காரனாக இருந்தார்.

இனி, இந்தக் கதையில் எல்லோருக்கும் தெரிந்த அந்த எண்ணுக்கு வருவோம். தடையால் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்கள். 1996 மே மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இந்த எண்ணைச் சொல்லி, இவ்வளவு விலை தகுமா என்று ஆல்பிரைட்டிடம் கேட்டார்கள். தகும் என்றே நினைக்கிறோம் என்று அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்காகப் பின்னர் வருந்தவும் செய்தார். இன்றும் தடையை எதிர்த்துப் பேசுகிற எவரும் இந்த எண்ணைச் சொல்லாமல் இருப்பதில்லை.

அந்த எண் நிற்கவில்லை. 1995இல் வெளியான முதல் மதிப்பீட்டின் தரவுகளை ஆய்வாளர்களில் ஒருவரே மறுபடி சோதித்து, முடிவைப் பின்வாங்கினார். 1999இல் யூனிசெஃப் வெளியிட்ட ஆய்வு, மத்திய, தெற்கு ஈராக்கில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 56லிருந்து 131ஆக உயர்ந்ததாகச் சொன்னது. ஆனால் அதற்காக வீடு வீடாகப் போய்க் கேட்டவர்கள் ஈராக் அரசின் ஊழியர்கள். சதாம் போனபின் 2004 முதல் நடந்த பல ஆய்வுகள் அதே தாய்மார்களின் தலைமுறையிடம் அதே ஆண்டுகளைப் பற்றிக் கேட்டன. அந்தப் பெரிய ஏற்றம் எதிலும் தென்படவில்லை. 2017இல் டிம் டைசனும் வலேரியா செட்டொரெல்லியும் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 1999 ஆய்வின் தரவு ஈராக் அரசால் திரிக்கப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதைச் சொல்வது தடையை நல்லதாக்கிக் காட்டுவதற்கு அல்ல. குழந்தைகள் பெருமளவில் இறக்காததற்கு அந்த ரேஷனும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். ஆனால் நடந்த சேதம் நடந்ததுதான்: காசாகாத சம்பளம், விற்கப்பட்ட நூலகம், பள்ளியை விட்ட பிள்ளை, நாட்டை விட்ட மருத்துவர். இவற்றுக்குச் சாட்சியம் வலுவாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு பொய்யான எண்ணில் வாதத்தைக் கட்டியதால், எண் உடைந்தபோது, துன்பமே கட்டுக்கதை என்று சொல்ல இடம் கிடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது இரண்டாவது அநீதி.

உலக அளவில் தடைகள் எத்தனை முறை பலித்தன என்று எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ஹஃப்பாவரும் அவர் சகாக்களும் 115 தடைகளை ஆராய்ந்து, மூன்றில் ஒன்று பலித்ததாகச் சொன்னார்கள். அவர்கள் வெற்றி என்று எண்ணிய 40ஐயும் ராபர்ட் பேப் 1997இல் மறுபடி எடுத்துப் பார்த்து, ஐந்து மட்டுமே தேறும், மற்ற பலவற்றில் உண்மையில் முடிவு செய்தது ராணுவ பலம் என்றார். ஈராக்கை எந்தப் பெட்டியில் போடுவது? ஆயுதக் கூடத்தைப் பார்த்தால் வெற்றி. அரியணையைப் பார்த்தால் தோல்வி. துறைமுகத்தில் மறிக்கக்கூடிய பொருளைத் தடை மறித்தது. ஆட்சியாளரின் மனத்தை அதனால் எட்ட முடியவில்லை, ஏனென்றால் அடிபணிந்தால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் அவரிடம் நேர்மையாகச் சொல்லவில்லை. கொடுமை என்னவென்றால், அந்த வெற்றியைக்கூட நம்ப ஆளில்லை. இல்லாத ஆயுதத்தைத் தேடி 2003 மார்ச்சில் போரே தொடங்கப்பட்டது.

ஈராக் கற்றுக்கொடுத்த பாடத்தால், அதன்பின் ஐ.நா. ஒரு நாட்டின் முழு வியாபாரத்தையும் அடைப்பதைக் கைவிட்டு, குறிப்பிட்ட ஆட்களின் சொத்தை முடக்குவது, பயணத்தைத் தடுப்பது, ஆயுத விற்பனையை நிறுத்துவது என்று மாறியது. சேதம் குறைந்தது, தீர்ந்துவிடவில்லை. வங்கிகளை மிரட்டும் இன்றைய தடைகளில் மருந்துக்கு விலக்கு எழுத்தில் இருக்கிறது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து பல வங்கிகள் பணத்தை அனுப்பத் துணிவதில்லை. ஈரானில் அரிய நோயாளிகள் இந்தச் சுவரில்தான் முட்டினார்கள்.

2003 மே 22ஆம் தேதி பாதுகாப்பு அவை ஈராக்கின் மீதான வணிகத் தடையை நீக்கியது. 2005 ஜனவரியில் நாடு தேர்தலுக்குப் போனபோது வாக்காளர் பட்டியல் தயாரிக்க நம்பகமான கணக்கு ஒன்றுதான் இருந்தது: தடைக் காலத்து ரேஷன் பதிவேடு. இழப்பீட்டு நிதிக்கான பிடித்தமோ நிற்கவில்லை. எண்ணெய் வருமானத்தில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுத் தொடர்ந்தது. குவைத்திலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த இந்திய, இலங்கைத் தொழிலாளர்களுக்கும் அந்த நிதியிலிருந்து பணம் வந்தது. அது அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதும்கூட. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியில் போனது. சதாம் தூக்கிலிடப்பட்டு அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. குவைத் படையெடுப்பு நடந்தபோது பிறந்தே இராத ஈராக்கியர்கள் அந்நாட்டில் பெரும்பான்மையாகிவிட்டிருந்தார்கள்.